31-ஆம் நாளில் இறந்த குழந்தைக்கு ஊக்கத்தொகை கிடையாதா?

மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் ஒரு மலைக் கிராமத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளராக, ஆஷாவாக வேலை பார்க்கிறேன். போன மாதம் நான் கொடுத்த படிவம் ஒன்று சிவப்பு மையில் கோடு போட்டுத் திரும்பி வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பச்சிளங்குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு முறை போக வேண்டும். ஆறுக்கும் சேர்த்து ஊக்கத்தொகை 250 ரூபாய், அதாவது ஒரு முறைக்கு 41 ரூபாய் 67 பைசா. தொகை குறைவு என்பதைக்கூட இப்போது விட்டுவிடுகிறேன்.

திரும்பி வந்த படிவத்தில் இருந்த குழந்தை பிறக்கும்போது 1 கிலோ 900 கிராம். முதல் நான்கு முறை போனபோதும் தொட்டில் துணியில் வைத்துத் தூக்கி எடை பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 60-க்கு மேல் போனால் ஆபத்து என்று நீங்கள்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தீர்கள். 28-ஆம் நாள் போனபோது குழந்தை பாலை இழுத்துக் குடிக்கவில்லை, பாதம் சில்லென்று இருந்தது. தாயின் மார்போடு சேர்த்து அணைத்துப் போர்த்திவிட்டு 108-ஐ அழைத்தேன். வண்டி மேலே ஏறி வராது என்பதால் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தோம். மூன்று நாள் கழித்து, 31-ஆம் நாள் காலையில், மருத்துவமனையில் குழந்தை இறந்துவிட்டது.

படிவத்தில் ஐந்து கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஆறாவது காலி. உங்கள் வழிகாட்டுதலில் எடை குறித்திருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு இன்னொன்றும் இருக்கிறது: தாயும் சேயும் 42-ஆம் நாள் வரை நலமாக இருக்க வேண்டும். சேய் நலமாக இல்லை, அதனால் ஐந்து வருகைக்கும் பணம் இல்லை. 42-ஆம் நாளும் அந்த வீட்டுக்குப் போனேன். தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

அன்று பணியில் இருந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்கும் அந்த மாதச் சம்பளம் வந்திருக்கும். வரத்தான் வேண்டும், அவர்கள் வேலை செய்தார்கள். குழந்தை பிழைத்ததா இல்லையா என்று பார்த்து அவர்கள் சம்பளத்தை யாரும் பிடிப்பதில்லை. சம்பளம் என்றால் செய்த வேலைக்கு. எங்களுக்குத் தருவது வேலைக்கு இல்லை, முடிவுக்கு. ஒரு குழந்தை சாகாமல் இருக்க 250 ரூபாய் ஊக்கம் காட்டினால் போதும் என்றால், அந்த ஊக்கத்தைக் கடவுளுக்குக் காட்டிப் பாருங்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

இறப்பு மட்டுமல்ல. 14-ஆம் நாளுக்குப் பிறகு தாய் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டால் மீதி வருகைகள் என் கணக்கில் வராது. அந்த ஊர் ஆஷாவுக்கும் முழு ஆறு வராது. இருவரும் நடந்தோம், யாருக்குக் காசு?

மாதாந்தர வழக்கமான பணிகளுக்கான தொகையை 2000-லிருந்து 3500 ஆக உயர்த்தினீர்கள். நன்றி. ஆனால் அதற்கும் பெயர் ஊக்கத்தொகைதான். விடுப்பு கிடையாது, வருங்கால வைப்பு நிதி கிடையாது. 2005-இல் எங்களைத் தன்னார்வலர்கள் என்று எழுதினீர்கள். எனக்கு 'வேலையை இன்றே முடித்து அனுப்பவும்' என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. ஆர்வத்துக்கு இப்படிக் கெடு வைப்பார்களா?

பெயரை வைத்து உரிமையை மறுக்க முடியாது என்பதற்கு வழியும் பிறந்திருக்கிறது. அங்கன்வாடி அக்காக்களுக்கு மத்திய அரசு தருவதும் மதிப்பூதியம்தான். ஆனால் 2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம், அந்த மதிப்பூதியம் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அது ஆஷாக்களைப் பற்றிய வழக்கு இல்லை, தெரியும். எங்களுக்கும் ஒரு வழக்கு போட்டு ஜெயித்து வரச் சொல்கிறீர்களா?

ஆகவே பணிவோடு கேட்கிறேன். எங்களுக்கு மாதச் சம்பளம் நிர்ணயியுங்கள். அதற்குக் காலம் ஆகுமென்றால், 42 நாள் நலமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உடனே நீக்குங்கள், போன ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே பணம் தாருங்கள். திரும்பி வந்த படிவத்தின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன். தாயின் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆஷா பணியாளர்