எடைப் பத்தியைக் காலியாக விடு

பழைய வண்ணாரப்பேட்டை,
மே 18

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய ஜிம் நோட்டுப் படம் வந்தது. எட்டு வாரத்துக்கு கட்டம் போட்டு, எடை வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாய். ஸ்கூலில் பரீட்சைக்கு நீ போடும் டைம்டேபிள் ஞாபகம் வந்தது. டைம்டேபிள் அழகாக இருக்கும், படிப்புதான் நடக்காது.

கோபப்படாதே. நானும் போன வருஷம் அதே மாதிரி ஒன்று போட்டு, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு முதல் வாரம் 30 கிலோ, அப்புறம் 35, 40, 45 என்று வாரத்துக்கு ஐந்து கிலோ ஏற்றி எழுதிவிட்டேன். இரண்டாம் வாரம் எப்படியோ ஓடியது. மூன்றாம் வாரம் 40 கிலோவை மூன்று செட்டில் 5, 4, 3 தடவைதான் தூக்க முடிந்தது. அதிலும் இடுப்பு பெஞ்சிலிருந்து எழும்பிவிட்டது, பின்னால் நின்ற பையன் இரண்டு விரலால் ராடைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அப்படியும் நோட்டில் '40' என்று பெருமையாக எழுதினேன். நான்காம் வாரம் இடது தோளின் முன்பக்கம் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை.

இப்போது எடைப் பத்தியில் முன்னாலேயே எதுவும் எழுதுவதில்லை. எத்தனை செட், ஒரு செட்டில் எத்தனை தடவை தூக்குவது என்ற ரெப் கணக்கு எதிலிருந்து எதுவரை, எவ்வளவு ஓய்வு, இவ்வளவுதான் முன்கூட்டி இருக்கும். என் திங்கட்கிழமை இது:

| பயிற்சி | செட் | ரெப் | ஓய்வு |
|---|---|---|---|
| ஸ்குவாட் | 3 | 8–10 | 3 நிமிஷம் |
| பெஞ்ச் பிரஸ் | 3 | 8–10 | 2½ நிமிஷம் |
| ராடு ரோயிங் | 3 | 8–10 | 2 நிமிஷம் |
| டம்பெல் கர்ல் | 2 | 10–15 | 1 நிமிஷம் |

புதன்கிழமை டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், புல்டவுன். வெள்ளிக்கிழமை திங்களின் அதே வரிசை, ஆனால் இரண்டு செட்தான். முன்னேற்றத்தைத் திங்களில் மட்டும் பார்ப்பேன். வார்ம் அப் செட் இந்தக் கணக்கில் சேராது. வெறும் ராடில் பத்து, பாதி எடையில் ஐந்து, அவ்வளவுதான்.

அந்த 8–10 என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று செட்டிலும் பத்தைத் தொடும் வரை எடையைத் தொடுவதில்லை. தொட்டதும் கொஞ்சம் ஏற்றிவிட்டுத் திரும்ப எட்டிலிருந்து ஆரம்பம். தோள் சரியான பிறகு பெஞ்ச் பிரஸ்ஸில் நடந்ததை நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். முதல் வாரம் 30 கிலோவில் 8, 8, 7. இரண்டாம் வாரம் 9, 8, 8. மூன்றாம் வாரம் 10, 9, 9. நான்காம் வாரம் எடையை மாற்றாமல் இரண்டே செட், எட்டு எட்டு, வேர்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்தாம் வாரம் 10, 10, 10. ஆறாம் வாரம் 32.5 கிலோ போட்டேன், 8, 8, 7. மறுபடி முதல் வாரத்து எண்கள்தான், ஆனால் இரண்டரை கிலோ மேலே.

அந்த நான்காம் வாரம் சோம்பேறித்தனம் என்று நினைக்காதே. மூன்று வாரம் சேர்ந்த அசதி உடம்பில் தேங்கியிருக்கும், அது இறங்கினால்தான் ஏறிய பலம் வெளியே தெரியும். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஒன்று வரும் என்று தோன்றும்போதே ராடை வைத்துவிடுகிறேன். அந்தக் கடைசி ஒன்றுக்காக முக்கினால் அடுத்த செட்டில் இரண்டு குறையும்.

இந்த இரண்டரை கிலோவுக்குப் பட்ட பாடு தனிக்கதை. எங்கள் ஜிம்மில் இருக்கும் சின்னப் பிளேட்டே 2.5 கிலோ. ஜோடியாகப் போட்டால் ஐந்து ஆகிவிடும், முப்பதில் ஐந்து என்பது ஆறில் ஒரு பங்கு. ஸ்குவாட்டில் கால் தாங்கிவிடும், தோள் தாங்காது. பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடையில் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி, டிபன் பையில் போட்டுக் கொண்டுபோகிறேன். பையன்கள் 'அண்ணன் தோசைக்கல்லோட வந்துட்டாரு' என்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். பொங்கலுக்கு வந்தபோது நான் 40 கிலோ பெஞ்ச் அடிக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது பொய்க்கணக்கு. ராடு 20 கிலோ என்று நினைத்திருந்தேன். போட்டிகளில் வரும் பெரிய ராடுதான் அந்த எடை, எங்களுடையது பழைய மெல்லிய ராடு. சந்தேகம் வந்து மாஸ்டரிடம் கேட்டு, கீழே இருக்கும் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தோம். பத்து கிலோ. கடைக்காரர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அந்த 40 அன்றே 30 ஆகிவிட்டது. தோள் சரியான பிறகு நடந்தது என்று மேலே எழுதியதெல்லாம் தராசுக்கு அப்புறமான எண்கள். உன் ஜிம் ராடையும் ஒரு தடவை நிறுத்திப் பார். ஜிம் மாறினால் கட்டாயம் பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெஞ்சில் 12, 8, 4 வந்திருக்கிறது, எடை அதிகமோ என்று கேட்டிருக்கிறாய். எடை அதிகமாக இருந்தால் முதல் செட்டில் பன்னிரண்டு எப்படி வரும்? படத்தில் ஓய்வுப் பத்தியைப் பார்த்தேன், 45 செகண்ட் என்று இருக்கிறது. மூச்சு அதற்குள் அடங்கிவிடும், நெஞ்சும் கையும் அடங்காது. எடையை அப்படியே வைத்து, போனில் டைமர் போட்டு இரண்டரை நிமிஷம் காத்திருந்து பார். பத்திலேயே நிறுத்து. 10, 9, 8 மாதிரி வந்தால் குறை ஓய்வில்தான் இருந்தது. அப்போதும் பாதியாக விழுந்தால் எடையைக் குறை. நேர்மாறாகவும் நடக்கும். எங்கள் ஜிம்மில் ஒரே பெஞ்சுக்கு நான்கு பேர் நின்று, ஐ.பி.எல். பேசி, ஓய்வு ஏழு நிமிஷம் ஆகிவிடும். அன்றைக்கு 10, 10, 10 வந்தால் நான் எடை ஏற்றுவதில்லை. அடுத்த வாரம் கடிகாரம் வைத்து மறுபடி வந்தால்தான் கணக்கு.

இந்த மாசம் எண்களை ரொம்ப நம்பாதே. கத்திரி வெயில், எங்கள் ஜிம் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சாயங்காலம் போனால் அதே எடையில் இரண்டு ரெப் குறைகிறது. அதனால் காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டேன், குறைந்த ரெப் திரும்ப வந்துவிட்டது. பலம் போய்விட்டது என்று பயந்து அட்டவணையை மாற்றியிருந்தால் முட்டாளாகியிருப்பேன்.

உன் முழங்கால் வலி விஷயம் வேறு. ராடு ஸ்குவாட்டை இப்போதைக்கு விடு. ஒரு ஸ்டூலைப் பின்னால் போட்டு, டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழு. ரெப் கணக்கு அதேதான். உட்கார்ந்து எழும்போதே வலித்தாலோ, மறுநாள் முட்டி வீங்கினாலோ நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போ.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டாலே மூச்சு வாங்குகிறது, தினமும் முட்டைதான் ஓடுகிறது. ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிகிறது. விசைப்படகுகள் போய்த் திரும்ப நாலைந்து நாள் ஆகும். 20ஆம் தேதி வாக்கில் குடும்பத்தோடு வந்துவிடு. நோட்டையும் எடுத்து வா, எடைப் பத்தியை ரப்பர் வைத்து அழித்துவிட்டு.

உன்
தனா