ஆண்டறிக்கை: தையற்கடை உரிமையாளர்கள் சங்கம், பழைய வண்ணாரப்பேட்டை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு மாதந்தோறும் கூடியது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் சொல்வார். நான் அதிகம் பேச வேண்டியது புகார் நோட்டையும், அதை வைத்து வரைந்த பட்டைப் படத்தையும் பற்றித்தான்.

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 14 கடைகள் நோட்டு வைத்து, வாடிக்கையாளர் சொன்ன புகாரை அவர் சொன்னபடியே எழுதின. மொத்தம் 120 புகார்கள். ஜனவரியில் எண்ணிப் பார்த்தபோது ‘அளவு சரியில்லை’ என்பதுதான் 31 புகார்களோடு முதலில் நின்றது. அளவு எடுக்கும் பயிற்சிக்குச் சங்கப் பணத்தை ஒதுக்கிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டோம்.

நல்லவேளையாக, தண்டையார்பேட்டை உறுப்பினர் ஒருவர் பட்டியலை மறுபடி படித்தார். ‘சொன்ன நாளில் தரவில்லை’ 19, ‘மூன்று தடவை அலையவிட்டார்கள்’ 15, ‘தீபாவளிக்குக் கைக்கு வரவில்லை’ 12 என்று தனித்தனியாக இருந்தன. மூன்றும் ஒரே குறைதானே என்று கேட்டார். சேர்த்தால் 46. அதுதான் முதலிடம். ஒரே காரணம் மூன்று பெயரில் சிதறிக் கிடந்தால் படம் நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கோடு போடும் முன்பே பெயர்களைச் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் படம் வரைந்தோம். இதற்குப் பாரெட்டோ வரைபடம் என்று பெயர். பாரெட்டோ இத்தாலியப் பொருளாதார அறிஞர். தர மேம்பாட்டு வேலைக்கு அவர் பெயரைக் கொண்டுவந்தவர் தர நிபுணர் ஜூரான். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பட்டை என்று, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினோம்: நாள் தவறியது 46, அளவு 31, மீதித் துணி தரவில்லை 17, தையல் பிரிந்தது 9, கூலித் தகராறு 7. ‘மற்றவை’ 10 இருந்தாலும் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். அது ஒரு காரணம் இல்லை, உதிரிகளின் கூட்டம். அதுவே பெரிய பட்டையாக வளர்ந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிராஃப் தாளில் இடது அச்சு 12 செ.மீ. உயரம், 1 செ.மீ.க்கு 10 புகார். ஆகவே 46 என்பது 4.6 செ.மீ. பட்டை. வலது அச்சும் அதே உயரம்தான். 120 நிற்கும் இடத்துக்கு நேராக 100 சதவீதம். ஒவ்வொரு பட்டை வரைக்கும் கூட்டிக்கொண்டே போய்ச் சதவீதம் போட்டால் 38, 64, 78, 86, 92, கடைசியில் 100. இந்தப் புள்ளிகளை இணைப்பதுதான் மேலே ஏறும் கோடு.

இளைய உறுப்பினர் ஒருவர் இதையே எக்செல்லில் செய்தார். B2 முதல் B7 வரை எண்ணிக்கை. C2-வில் இதைப் போட்டுக் கீழே இழுக்க வேண்டும்:

```
=SUM(B$2:B2)/SUM(B$2:B$7)
```

முதலில் அவர் படத்தில் இடது அச்சு 50-இலும் வலது அச்சு 120 சதவீதத்திலும் முடிந்தது. பட்டைக்கும் கோட்டுக்கும் தொடர்பே இல்லாமல் போனது. இடதை 120, வலதை 100 சதவீதம் என்று கையால் மாற்றியதும் சரி ஆனது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: கோட்டின் முதல் புள்ளி முதல் பட்டையின் உச்சி உயரத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சுகள் பொருந்தவில்லை.

முதல் மூன்று பட்டைகளே 78 சதவீதம். ஆனால் ‘நாள் தவறியது’ என்பது வாடிக்கையாளர் பட்ட கஷ்டம்தான். நம் கடைக்குள் இருக்கும் காரணம் அதற்கும் கீழே இருக்கிறது. அந்த 46-ஐ மட்டும் எடுத்து, கடைக்காரர்களிடம் ஏன் என்று கேட்டு இன்னொரு படம் போட்டோம். வெளியே கொடுத்த ஆரி வேலை திரும்பி வராதது 24, பண்டிகைக்கு முன் அளவுக்கு மீறி ஆர்டர் எடுத்தது 11, டெய்லர் லீவு 7, மற்றவை 4. பாதிக்கு மேல் நம் மிஷினில் நடந்த தாமதமே இல்லை!

எனவே பிப்ரவரியிலிருந்து ரசீதில் இரண்டு தேதி எழுதுகிறோம்: ஆரி வேலை திரும்பும் நாள், ஜாக்கெட் தரும் நாள். முதல் தேதி தாண்டினால் அன்றைக்கே வாடிக்கையாளருக்குப் போன் செய்துவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்திலும் சேர்த்து இந்தப் புகார் 3 மட்டுமே. ஆனால் இவை தீபாவளிக் கூட்டம் இல்லாத மாதங்கள். ஒன்பது மாதப் படத்தோடு இவற்றை ஒப்பிட்டு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரும் அக்டோபர், நவம்பரைச் சென்ற அக்டோபர், நவம்பரோடு, அதே 14 கடைகளில், அதே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. இந்தப் படம் எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறது. கொக்கி மாற்றுவதும், பட்டு ஜாக்கெட் துணியைத் தப்பாக வெட்டி ஈடு கொடுப்பதும் இதில் தலா ஒரு புகார்தான். ஏப்ரல் முதல் நோட்டில் ‘நஷ்டம், ரூபாய்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். ரூபாயில் வரிசைப்படுத்தினால் அளவுக் குறைதான் முதலில் வரும் என்று நினைக்கிறேன்; அப்போது பயிற்சி யோசனையை மறுபடி எடுப்போம்.

நோட்டுகளை மாதக் கடைசி ஞாயிறன்று சங்க அறையில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இனி வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்