ஹெட்லைட்டின் மூச்சுத்துளையை அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் கார் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்தால் பின்புறமுள்ள துளைகளையெல்லாம் சிலிகான் பசையால் அடைத்துவிடலாம் என்று கூறப்பட்டிருந்தது. வாகன மின்பழுது வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

ஹெட்லைட் காற்றுப் புகாத பெட்டி அன்று. 55 வாட் ஹாலஜன் பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து, வென்ட் எனப்படும் சிறு ரப்பர் குழாய் வழியாகவோ மெல்லிய சவ்வு வழியாகவோ வெளியேறுகிறது. விளக்கை அணைத்ததும், அல்லது சூடான லென்ஸின்மேல் மழை விழுந்ததும், உள்ளே காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கிறது. வென்ட்டை அடைத்துவிட்டால் இந்த இழுப்பு நின்றுவிடாது. பல்பு மூடியின் தளர்ந்த ரப்பர் வழியாகவோ ஹவுசிங்கில் உள்ள விரிசல் வழியாகவோ காற்றோடு தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு காரின் வலப்பக்க விளக்கில், அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியே எந்தச் சேதமும் தெரியவில்லை. இரண்டு வென்ட்டுகளையும் யாரோ சிலிகானால் அடைத்திருந்தார்கள். விளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து உலர்த்திய பிறகு, பல்புத் துளை வழியாக மிக மெதுவாகக் காற்றைச் செலுத்தி, விளிம்பிலும் பின்புறத்திலும் சோப்புநீர் தடவிப் பார்த்தோம். பம்பரோடு பிணைக்கும் காதின் அடியில், பழைய சிறு மோதலில் விழுந்த மயிரிழை விரிசலிலிருந்து குமிழிகள் கிளம்பின. அதைப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து, வென்ட்டிலிருந்த பசையைச் சுரண்டியெடுத்து, பல்பு மூடிக்குப் புது ரப்பர் போட்டதும் கசிவு நின்றது. ஆனால் நீரில் ஊறிய ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு ஓரிடத்தில் உரிந்துவிட்டது. அதை எங்கள் பட்டறையில் சரிசெய்ய வழியில்லை. காடி நெடி வீசும் சாதாரண சிலிகானின் ஆவியும் அதே பூச்சை அரிக்கக்கூடியது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

லென்ஸின் மூலையில் மெல்லிய பனிபோல் படிந்து, விளக்கை எரியவிட்ட சிறிது நேரத்தில் மறைந்துவிடுவது குறையன்று. அதற்குக் கை வைக்கவே வேண்டாம். துளிகள் திரண்டு வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோதான் கசிவைத் தேட வேண்டும். ஹாலஜனுக்குப் பதிலாக எல்இடி பல்பு மாற்றியவர்களுக்கு இந்த அடையாளம் அவ்வளவாகப் பொருந்தாது. அதன் சூடு பெரும்பாலும் பின்பக்கமாகவே போய்விடுவதால் லென்ஸ் குளிர்ந்தே இருக்கிறது. படிந்த ஈரம் எளிதில் உலர்வதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பல்பின் பின்பகுதி நீண்டிருப்பதால் ரப்பர் மூடியை வெட்டியோ கழற்றியோ பொருத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த மூடிதான்.

அடுத்த மழைக்கு முன் இத்திருத்தத்தைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன மின்பழுது தொழிலாளி ஒருவர்,
கடலூர்.