பட்டறையில் கிடந்த நாள் வேறு, பழுது பார்த்த நாள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் காப்புறுதியில் "தினமும் 50 வெள்ளி போக்குவரத்துப் படி, பத்து நாள் வரை" என்று ஒரு வரி இருந்தால், கார் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு வரும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் முகப்பில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான பாலிசிகளில் கணக்கு அப்படி இல்லை.

அண்மையில் வந்த ஒரு காரைச் சொல்கிறேன். பின்பக்க இடது கதவு நசுங்கியிருந்தது. கதவையே மாற்ற வேண்டும். அது ஜப்பானிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. ஆனால் சேதத்தை மதிப்பிட காப்புறுதி நிறுவனம் அனுப்பிய சர்வேயர் காரைப் பார்த்து, கழற்றி மாட்டிப் பெயின்ட் அடிக்க ஐந்து நாள் போதும் என்று எழுதிவிட்டுப் போனார். காப்புறுதி நிறுவனம் எடுத்துக்கொள்வது அந்த ஐந்தைத்தான். அந்த பாலிசியில் முதல் இரண்டு நாளுக்குப் படி கிடையாது. மிச்சம் மூன்று நாள், 150 வெள்ளி. 500 வெள்ளி வரும் என்று நம்பி வாடகைக் கார் எடுத்திருந்த மனிதர் எங்களிடம்தான் கோபப்பட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது 50 வெள்ளி. நாள் எண்ணும் விதம் உள்ளே எங்கோ பொடி எழுத்தில்.

இத்தனைக்கும் அந்தக் கார் நன்றாக ஓடும் நிலையில் இருந்தது. கதவு மூடியது, விளக்குகள் எரிந்தன. இப்படிப்பட்ட காரை சர்வே முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போய், பாகம் வந்த பிறகு கொண்டுவந்து விடலாம். பட்டறையிடம் கேட்டால் போதும். முன்விளக்கு உடைந்தோ ரேடியேட்டர் ஒழுகியோ வந்த காருக்கு இந்த வழி இல்லை. அதற்குத்தான் சில பாலிசிகளில் படிக்குப் பதிலாகத் தரும் மாற்றுக் கார் உதவும்.

மாற்றுக் காரிலும் கவனம் வேண்டும். பெரும்பாலும் நிறுவனம் அங்கீகரித்த பட்டறையில் பழுது பார்த்தால்தான் கிடைக்கும். பெட்ரோலும் இஆர்பியும் நம் கணக்கு. அந்தக் காரை எங்காவது இடித்துவிட்டால் அதற்கு நம் கையிலிருந்து கட்ட வேண்டிய எக்சஸ் தொகையைத் தனியாகக் கேட்கலாம். ஜோகூருக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வார இறுதியில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்பவர்கள்தான் அதிகம்!

எதிராளி மேல் தவறு என்றால் கதை வேறு. கார் இல்லாத நாள்களுக்கான இழப்பை அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் கோரலாம். சொந்த பாலிசியில் கோரினால், இழப்பீடு கோராமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் 50 விழுக்காடு என்சிடி கழிவு, அதற்கான பாதுகாப்பு வாங்கியிராவிட்டால், 20க்கு இறங்கிவிடும். 150 வெள்ளிப் படியைப் பார்த்து அதில் இறங்க வேண்டியதில்லை.

காப்புறுதி நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பழுது வேலைக்கு ஒப்புதல் தந்ததும் அந்தத் தகவல் பட்டறைக்கு வருகிறது. "இத்தனை நாள், இத்தனை வெள்ளி" என்று அதே அன்று வாடிக்கையாளருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வாடகைக் கார் எடுப்பதா, எம்ஆர்டியில் போவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யீஷூன்