பூண்டுக் கணக்கில் வீட்டு விதைக்கும் வீட்டாள் கூலிக்கும் இடம் கொடுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடும் நம் உழவர் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போகம் முடிந்ததும் குழு கொடுக்கும் படிவத்தில் விதை, கூலி, உரம், தண்ணீர், விற்பனை என்று ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. நிரப்பிக் கொடுக்கிறோம். அதையெல்லாம் கூட்டிக் கழித்து ‘ஏக்கருக்கு இவ்வளவு லாபம்’ என்று கூட்டத்தில் வாசிக்கிறீர்கள். அதைக் கேட்டு ஒருவர் குத்தகைக்கு நிலம் பிடிக்கிறார், இன்னொருவர் கேரட்டை விட்டுவிட்டுப் பூண்டுக்கு வருகிறார். அந்தக் கணக்கு தப்பாக வருகிறது என்பதால்தான் இந்த மடல். யாரும் பொய் எழுதவில்லை. கையை விட்டுப் போன காசை மட்டும் படிவம் கேட்கிறது, நாமும் அதை மட்டும் எழுதுகிறோம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன், அண்ணியின் சம்மதத்தோடு அவர்கள் கணக்கையே இங்கே வைக்கிறேன். புரிவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். விலை போகத்துக்குப் போகம் மாறும், கணக்குப் போடும் வழியைப் பாருங்கள்.

அவர்கள் படிவத்தில் விதைக் கட்டம் காலி. வெளியாள் கூலி 24,000 ரூபாய், தொழு உரமும் மூட்டை உரமும் மருந்தும் சேர்ந்து 22,000, மோட்டாருக்கு டீசலும் குழாய் வாடகையும் 4,000. ஆக 50,000 செலவு. விற்பனை 94,000. லாபம் 44,000 என்று வந்தது. பட்டாவில் ஒரு ஏக்கர் என்று இருப்பதால் அதையே ஏக்கர் லாபமாக எடுத்துக்கொண்டீர்கள்.

முதலில் அந்த ஏக்கர். படிக்கட்டு நிலத்தில் வரப்பும் கல்கட்டும் வழியும் போக, கீழ்த் தட்டில் பீன்ஸ் இருந்தது போக, பூண்டு நின்றது 60 சென்ட்தான். வரவையும் செலவையும் பட்டா ஏக்கரால் வகுத்தால் மலையில் எந்தப் பயிரின் கணக்கும் நிற்காது. பூண்டு நின்ற சென்ட்டைத்தான் எழுத வேண்டும். படிவத்தின் கணக்கையே 0.6 ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 73,000க்கு மேல் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுபட்டதைச் சேர்க்கும்போது கதை மாறுகிறது.

விதைக் கட்டம் காலியாக இருந்ததற்குக் காரணம், விதை அடுப்புப் பரணிலிருந்து இறங்கியது. முந்தைய போகத்தில் 150 கிலோவைக் கட்டுக் கட்டாகப் புகையில் தொங்கவிட்டார்கள். காய்ந்தது, சொத்தை விழுந்தது எல்லாம் போக நடவுக்கு 130 கிலோ தேறியது. 60 சென்ட்டுக்கு அது சரியான அளவுதான். தோட்டக்கலைப் பரிந்துரை ஹெக்டேருக்கு 500 முதல் 600 கிலோ. நடவு சமயத்தில் விதைப்பூண்டு கிலோ 250க்குப் போனது. அன்றைக்கு அண்ணி அதை யாருக்காவது விற்றிருந்தால் 32,500 ரூபாய் கையில் இருந்திருக்கும். அதை மண்ணில் போட்டார்கள். ஆகவே அது செலவு.

அடுத்தது அவர்கள் உழைப்பு. பல் உடைப்பது, நடவு, களை, தண்ணீர் மாற்றுவது, பிடுங்கித் தாள் சேர்த்துக் கட்டுவது என்று இரண்டு பேரும் ஆளுக்கு 25 நாள் முழுதாக நின்றிருக்கிறார்கள். ஆண் கூலி 700, பெண் கூலி 400 என்றால் 27,500 வருகிறது. மின் இணைப்பு உள்ளவர்களுக்கு விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீர்க் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் ராத்திரி எழுந்து வால்வு திருப்புகிற ஆளின் நேரமும் தண்ணீர்ச் செலவுதான். அதையும் இந்த நாள் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும்.

இப்போது வரவுக்கு வருகிறேன், குழப்பம் அதிகம் இங்கேதான். காய்ந்த பூண்டு மொத்தம் 1,050 கிலோ. வடுகபட்டி மண்டிக்கு இரண்டு நடையாக 850 கிலோ போனது. முதல் நடை 500 கிலோ 140 ரூபாய்க்கு, இரண்டாம் நடை 350 கிலோ 120 ரூபாய்க்கு. மொத்தம் 1,12,000. சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கமிஷன் 11,200, லாரி வாடகை 5,000, ஏற்று இறக்குக் கூலியும் சாக்கும் 1,800 என்று 18,000 கழித்திருந்தது. மிச்சம் 94,000. அதற்குக் கீழே ‘முன்பணம் 15,000’ என்று இன்னொரு கழிவு. கைக்கு வந்தது 79,000.

நம்மில் சிலர் 1,12,000 என்று எழுதுவோம், சிலர் 94,000, சிலர் 79,000. மூன்றையும் கலந்து சராசரி போட்டால் என்ன கிடைக்கும்? கமிஷனும் லாரியும் உண்மையான செலவு, கழிக்க வேண்டும். முன்பணம் அப்படி இல்லை. அந்தப் பணத்தில் வாங்கிய உரம் ஏற்கெனவே உரக் கட்டத்தில் ஏறிவிட்டது. இங்கேயும் கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை எழுதியதாகும். லாரி வாடகையைச் சீட்டிலும் காட்டிக் கூலிக் கட்டத்திலும் எழுதுபவர்களுக்கும் இதே தப்புதான் நேர்கிறது.

விற்காத 200 கிலோவும் விளைந்ததுதானே. 150 கிலோ மறுபடி பரணுக்கு, 50 கிலோ வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும். மண்டிச் செலவு போகத் தோட்டத்தில் கிலோவுக்கு நின்றது சுமார் 110 ரூபாய். அந்த விலையில் 22,000 வரவு. விதையைப் பரணில் ஏற்றும்போது 110, இறக்கும்போது 250 என்று எழுதுவது சரியா என்று செயலாளர் கேட்டார். சரிதான். இடையில் ஏறிய விலை, சேமித்து வைத்ததற்குக் கிடைத்த வருமானம். அதைத் தனியாக எழுதிக்கொள்ளலாம், சாகுபடி லாபத்தோடு கலக்கக் கூடாது.

இனிக் கூட்டுங்கள். வரவு 94,000மும் 22,000மும் சேர்ந்து 1,16,000. செலவு, காசாகப் போனது 50,000, விதை 32,500, வீட்டாள் கூலி 27,500, ஆக 1,10,000. மிச்சம் 6,000. ஏக்கருக்கு 10,000. இதுவும் சொந்த நிலம் என்பதால்தான். குத்தகை கொடுத்துச் செய்பவருக்கு அதையும் கழிக்க வேண்டும்.

அண்ணன், அண்ணிக்கு ஒன்றுமே நிற்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கூலி 27,500மும் இந்த 6,000மும் குடும்பத்துக்கு வந்ததுதான். ஆனால் கூலி வேறு, லாபம் வேறு. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமே காசாகவும் பொருளாகவும் போன செலவை ஏ2 என்றும், குடும்ப உழைப்பைச் சேர்த்ததை ஏ2+எஃப்எல் என்றும், அதற்கு மேல் சொந்த நிலத்தின் வாடகையையும் முதலின் வட்டியையும் ஏற்றியதை சி2 என்றும் பிரித்துத்தான் போடுகிறது.

பிரித்து எழுதினால் ஒரு நேரடிப் பயன் இருக்கிறது. 1,10,000ஐ 1,050 கிலோவால் வகுத்தால் தோட்டத்தில் கிலோ 105 ரூபாய் அடக்கம். மண்டிச் செலவு கிலோவுக்கு 21 சேர்த்தால் 126. பழைய படிவப்படி பார்த்தால் 70 ரூபாய்க்கே அடக்கம் தீர்ந்துவிட்டதாகத் தெரியும். 120க்குப் போன அந்த இரண்டாம் நடை, லாபம் என்று நினைத்து ஏற்றியது. உண்மையில் அந்த விலை அவர்கள் கூலியைத்தான் கடித்தது. இது முன்பே தெரிந்திருந்தால் அதைச் சில வாரம் புகையில் நிறுத்திப் பார்ப்பதா என்று யோசித்திருப்பார்கள்.

ஆகவே குழுவிடம் கேட்பது இவ்வளவுதான். படிவத்தில் பயிர் நின்ற சென்ட், வீட்டு விதையின் கிலோவும் நடவு நாள் விலையும், வீட்டாள் வேலை நாள் ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். விற்பனையில் மொத்தம், கழிவு, முன்பணம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், சீட்டின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். விற்றது, பரணில் வைத்தது, வீட்டில் எடுத்தது, அழுகியது நான்கும் சேர்ந்து காய்ந்த எடைக்குச் சமமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பச்சை எடையை எழுதியிருப்பார்கள், அல்லது ஒரு சீட்டு விட்டுப்போயிருக்கும். வேலை நாளைப் போகம் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதச் சொல்லாதீர்கள், பாதி மறந்துபோகும். நடவு அன்றே ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் நடவுக்கு முன்பு புதிய படிவம் வந்தால் நல்லது. பழைய படிவங்களைத் தனியாக எடுத்து வையுங்கள், புதியவற்றோடு சேர்த்துச் சராசரி போட வேண்டாம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்களில் ஒருவர்