தினக்கூலிக் கணக்கும் தொழிலாளியிடம் இருக்க வேண்டிய நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டட வேலைகளில் ஆள் கணக்கு எழுதி வருகிறேன். கூலி நாளன்று மேஸ்திரிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழும் வாக்குவாதத்தைப் பார்ப்பவர்கள், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே எண்ணிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் இருவருமே தாம் நினைவில் வைத்திருந்ததை உண்மையாகவே சொல்கிறார்கள். அந்த நினைவு மூன்று நான்கு வாரம் பழையதாகிவிட்டது என்பதுதான் சிக்கல்.

நானே தவறு செய்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். கூட்டிப் பார்க்க எளிதாக இருக்கும்படி நாள் கூலியை 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொத்தனாருக்கு மாத முடிவில் என் பதிவேட்டின்படி இருபத்தொன்றரை நாள் வேலை, பற்று 9,000. ஆகவே கையில் தர வேண்டியது 12,500. அவர் கணக்கிலோ இருபத்துமூன்று நாள் வேலை, பற்று 7,000. வர வேண்டியது 16,000. வித்தியாசம் 3,500, அதாவது அவருடைய மூன்றரை நாள் உழைப்பு. அன்று மாலை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தபோதுதான் அந்த 3,500 எங்கெங்கே பிரிந்து கிடந்தது என்பது தெரிந்தது.

இரண்டு நாள்கள் மழையால் நண்பகலில் வேலை நின்றிருந்தது. நான் அரை நாள் என்று குறித்திருந்தேன். வேலை நின்றது தம்மால் அல்ல என்பதால் அவர் முழு நாளாகவே எண்ணியிருந்தார். கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் இரவு வரை நின்றவர்களுக்கு ஒன்றரை நாள் கூலி என்று மேஸ்திரி வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அது என்னிடம் வந்து சேராததால் ஒரு நாள் என்றே எழுதியிருந்தேன். ஒன்றரை நாள் வித்தியாசம் இவ்வாறு வந்தது. பற்றில் இருந்த 2,000 முழுக்க என் பிழை. அந்தத் தொகை முந்தைய மாதக் கூலியிலேயே பிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் கீழே கோடு போட்டுத் தீர்ந்தது என்று நான் எழுதாமல் விட்டதால், புது மாதக் கூட்டலில் அது மறுபடியும் ஏறிவிட்டது. மழை நாளுக்கான விதியை முன்கூட்டியே யாரும் சொல்லாதிருந்ததால் அதையும் அவர் பக்கமே தீர்த்து, 16,000-ஐயும் கொடுத்தோம். அவரிடம் ஒரு சிறு நோட்டில் தேதிவாரியான குறிப்பு இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. அந்த நோட்டு இல்லாதிருந்தால் என் பிழை அவருடைய இழப்பாகவே முடிந்திருக்கும் என்பதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிப்பக்கம் வைத்து, அதே பதிவைத் தொழிலாளியின் கையிலுள்ள நோட்டிலும் அன்று மாலை அவர் கிளம்பும் முன்பே எழுதி வருகிறேன். தேதி, வருகை, கூடுதல் நேரம், பற்று ஆகியவற்றோடு, இதுவரை ஆன நாள், இதுவரை வாங்கிய பற்று என்று இரண்டு ஓடும் கூட்டல்களும் அதில் உண்டு. இந்த இரண்டு கூட்டல்களைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நேற்று பதினொன்றரை என்று இருந்தது இன்று பன்னிரண்டரை ஆகவில்லை என்றால் தொழிலாளி அங்கேயே கேட்டுவிடுவார். கருத்து வேறுபாடு ஒரு நாளுக்கு மேல் வயதாகாது. வராத நாளைக் காலியாக விடாமல் சிறு கோடு இட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அவர் வரவில்லையா, நாம் எழுத மறந்தோமா என்பதைப் பின்னர் யாராலும் சொல்ல முடியாது. கூடுதல் வேலையை அரை, கால் என்று நாளாக மாற்றி எழுதாமல் மணிக்கணக்கிலேயே எழுதி, அதற்கான வீதத்தைத் தனியே குறிப்பது நல்லது.

பற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைச்செலவுக்காக வாரத்தில் வாங்கும் சிறு தொகையும், குடும்பத் தேவைக்காக வாங்கி மாதாமாதம் கழிக்கும் பெரிய முன்பணமும் ஒரே பத்தியில் கலப்பதே பல தகராறுகளுக்கு வேர். சிறு பற்று அந்தந்தக் கூலி நாளில் முழுவதும் தீர்ந்து, கோட்டோடு முடிய வேண்டும். பெரிய முன்பணத்துக்குத் தனிப்பக்கம் வைத்து, முன்பாக்கி, கொடுத்தது, பிடித்தது, மீதி என்ற நான்கையும் ஒவ்வொரு மாதமும் எழுத வேண்டும். 12,000 வாங்கியவரிடம் மாதம் 3,000 பிடிப்பதாகப் பேசியிருந்தால், முதல் மாத முடிவில் மீதி 9,000 என்று எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அவர் பத்து நாள் மட்டுமே வந்த மாதத்தில் எவ்வளவு பிடிப்பது என்பதையும் பணம் கொடுக்கும்போதே பேசி, அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவதால், பின்னால் ஒரு சுழியம் கூடியது என்ற ஐயத்துக்கு இடமிருக்காது. உடன் வேலை செய்பவர் மூலம் கொடுத்தனுப்பினால் வாங்கிச் சென்றவரின் பெயரும், கைப்பேசி வழியே அனுப்பினால் பரிவர்த்தனை எண்ணும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

பிழை வந்தால் அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். அன்றாடம் எழுதப்படும் பதிவேட்டில் இத்தகைய அடித்தல்கள் இருப்பது இயல்பு. முப்பது நாளும் ஒரே மையில், ஒரே கை ஓட்டத்தில், ஓர் அரை நாள்கூட இல்லாமல் நிரம்பியிருக்கும் பக்கத்தைக் கண்டால், அது கூலி நாளுக்கு முதல் நாள் உட்கார்ந்து எழுதியது என்று நான் கொள்வேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவது மட்டும் போதாது. வாரக் கடைசியில் நாளையும் பற்றையும் மற்றவர் காதிலும் விழும்படி உரக்கப் படித்துக் காட்டி, அதன் பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். காலித் தாளில் வாங்குவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

இது முதலாளியின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட செய்தியும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-ல் ஏற்ற கூலிப் பாதுகாப்பு ஒப்பந்தம் (எண் 95), கூலி கொடுக்கும் ஒவ்வொரு முறையும், விவரங்கள் மாறக்கூடியனவாக இருந்தால், அந்தக் காலத்துக்கான கூலி விவரம் தொழிலாளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. பிடித்தங்களின் நிபந்தனையும் அளவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

பதிவேட்டால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. பேசி முடிக்காததை அது தீர்த்து வைக்காது. மழையில் நின்ற நாளை எப்படிக் கணக்கிடுவது, கூடுதல் மணிக்கு என்ன வீதம், கூலி உயர்ந்தால் எந்தத் தேதியிலிருந்து என்பவற்றை இரண்டு நோட்டுகளின் முதல் பக்கத்திலும் வேலை தொடங்கும் நாளிலேயே எழுதிவிடுகிறோம். அந்தக் கொத்தனாரின் இப்போதைய நோட்டில் முதல் வரி, மழையால் நண்பகலுக்குப் பின் வேலை நின்றால் முழு நாள் என்பது.

இப்படிக்கு,
கட்டட வேலையில் ஆள் கணக்கு எழுதும் வாசகர் ஒருவர்