ரத்து ஆணைக்காகக் காத்திருக்காதீர்கள்: ஒப்பந்த அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பொது-தனியார் கூட்டுத் திட்டங்களின் ஒப்பந்தக் கோப்புகளைக் கையாளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வங்கியின் உத்தரவாதப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். பணம் கேட்டு நீங்கள் அனுப்பும் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். சிலவற்றை மனசே இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலில் ஒப்பந்தத்தை ரத்து செய்வோம், அப்புறம், ஒப்பந்ததாரர் கடமை தவறினால் பணம் தருவதாக வங்கி எழுதிக் கொடுத்த செயல்பாட்டு உத்தரவாதத்தைப் பணமாக்கலாம் என்று காத்திருந்து, அதன் காலம் முடிந்தபின் வந்த கடிதங்கள் அவை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உத்தரவாதம் ஜூன் 30 வரை. வேலை நின்றுபோனதால், குறையைச் சரிசெய்ய 60 நாள் கொடுத்து மே 20 அன்று நோட்டீஸ் அனுப்புகிறீர்கள். அந்தக் கெடு முடிவதே ஜூலை 19-இல்தான். தனியார் நிறுவனமே கட்டி, நடத்தி, வருவாய் ஈட்டும் கன்செஷன் ஒப்பந்தம் என்றால் இன்னும் இழுக்கும். கடன் கொடுத்த வங்கிகள் வேறொரு நிறுவனத்தைக் கொண்டுவர அவகாசம் கேட்கும் உரிமை பெரும்பாலும் அதில் இருக்கும். ரத்து ஆணையில் கையெழுத்தாகும்போது உங்கள் கையில் இருப்பது வெறும் தாள்.

உத்தரவாதம், சர்வதேச வர்த்தக சபை வகுத்த யு.ஆர்.டி.ஜி. 758 என்ற உத்தரவாத விதிகளின்படி எழுதப்பட்டிருந்தால் வழி இருக்கிறது. "நீட்டித்துத் தாருங்கள், இல்லையேல் பணம் தாருங்கள்" என்று கேட்கலாம். ஜூன் 10 அன்று இப்படிக் கேட்டால், வங்கி அதிகபட்சம் 30 நாள் பணத்தை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் நீங்கள் கேட்ட காலத்துக்கு நீட்டித்துவிட்டால் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டதாக ஆகும். நீட்டிக்காவிட்டால் பணம் தர வேண்டும். ஜூன் 30 இடையில் கடந்துபோனாலும் கவலையில்லை, கோரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டதே.

ஆனால் கோரிக்கை முழுமையாக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் எந்த விதத்தில் கடமை தவறினார் என்று சொல்லும் அறிக்கையைச் சேர்க்க மறக்காதீர்கள். "ஒப்பந்தத்தை மீறிவிட்டார்" என்று ஒரே வரி எழுதி அனுப்பியவர்கள் உண்டு. எந்த விதத்தில் என்பது அதில் இல்லை. கடிதத்தைச் சரிபார்க்க வங்கிக்கு 5 வேலை நாள் உண்டு. ஜூன் 10-இல் கொடுத்த கடிதம் திரும்பி வந்தால் திருத்திக் கொடுக்க நேரம் இருக்கும். ஜூன் 30 மாலை கொடுத்த கடிதம் திரும்பி வரும்போது உத்தரவாதமே இருக்காது.

சரி, மீறலே நடக்காதபோது, நீட்டிப்பு வாங்குவதற்காக மட்டும் இப்படிக் கேட்கலாமா? கூடாது. அறிக்கை பொய்யாகிவிடும், ஒப்பந்ததாரர் நீதிமன்றத்தில் தடை கேட்பார். அதனால் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போதே, காலாவதிக்கு 30 நாள் முன்பு உத்தரவாதத்தைப் புதுப்பிக்காவிட்டால் அதுவே தனி மீறல், முழுத் தொகையையும் கோரலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிடுங்கள். இப்போது நடக்கும் திட்டங்களுக்கு, காலாவதித் தேதியைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்